சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலை: படிப்பு, பதிவு, பொறுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்?

பி.எட். சிறப்புக் கல்வி. இரண்டு ஆண்டுப் படிப்பு. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பட்டம் இல்லை, பிளஸ் டூ மட்டும்தான் என்றால் டி.எட். சிறப்புக் கல்வி என்ற டிப்ளமா இருக்கிறது. அதுவும் இரண்டு ஆண்டு. டிப்ளமா முடித்தவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளோடும் சிறப்புப் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறார்கள். பி.எட். முடித்தால் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள் வரை போகலாம்.

இந்தப் படிப்புகளை அங்கீகரிப்பது புது தில்லியில் உள்ள இந்திய மறுவாழ்வுக் கழகம். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்வார்கள். கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீங்கள் சேரும் அந்த ஆண்டில், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அனுமதி நிரந்தரமானது இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள். அதோடு, புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பி.எட். படிப்பின் அமைப்பே மாறிக்கொண்டிருக்கிறது. போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைத் திறன் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா, அவினாசிலிங்கம் ஆகியவை இந்தத் துறையில் நீண்ட காலமாக ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வரும் இடங்கள். முட்டுக்காடு மத்திய அரசு நிறுவனம். 2005-இல் தொடங்கியது.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் "சிறப்பாசிரியர்" என்று வந்தால் அது பெரும்பாலும் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம். நமக்கானது "சிறப்புக் கல்வி" அல்லது "சிறப்புப் பயிற்றுநர்" என்று வரும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் தகுதிப் பத்தியை முழுதாகப் படியுங்கள்.

எந்தப் பிரிவை எடுப்பது? அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வைத்திறன், ஆட்டிசம் என்று நிறைய இருக்கிறதே.

ஒன்றை எடுத்தால் வாழ்நாள் முழுக்க அதே பிள்ளைகளோடு மட்டும்தான் வேலை என்று நினைக்க வேண்டாம். வட்டார அளவில் வேலை பார்ப்பவர் எல்லாக் குழந்தைகளையும்தான் பார்க்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஒரே பள்ளியில் காது கேளாத ஒரு பெண்ணும் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனும் இருந்தால் இருவருமே உங்கள் பொறுப்புதான்.

இருந்தாலும் பிரிவுக்குப் பிரிவு கைத்தொழில் வேறு. பார்வைத்திறன் பிரிவில் பிரெய்ல் விரல் நுனியில் வர வேண்டும். செவித்திறன் பிரிவில் சைகை மொழி, காதொலிக் கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தையின் கேட்கும் பயிற்சி எல்லாம் வரும். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் ஒரு சின்னச் செயலைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லித் தருவதுதான் முதுகெலும்பு. முடிவு செய்ய முடியவில்லை என்றால் அறிவுசார் குறைபாட்டை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். செயலைப் பிரிக்கும் அந்தப் பழக்கம் மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் உதவுகிறது. ஆனால் பிரெய்லை வேலைக்கு வந்த பிறகு ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்வது கடினம். மனம் அந்தப் பக்கம் போனால் படிக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் ஒன்று விளம்பரத்தில் வருகிறது. அதை வைத்து வேலைக்குப் போகலாமா?

போகக் கூடாது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதி இருந்தால்தான் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியும். அந்தப் பதிவு எண்ணைத்தான் பள்ளிகள் கேட்கும். பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழிலைச் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. பதிவு பெற்ற பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு இடையில் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். சான்றிதழ்களைத் தொலைத்துவிட்டு ஐந்தாவது ஆண்டில் தவிப்பவர்கள் நிறைய. வாங்கிய அன்றே ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.

குறுகிய காலப் பயிற்சிகள் ஏற்கெனவே வகுப்பாசிரியராக இருப்பவருக்கும் பெற்றோருக்கும் பயன்படும். அதற்காகப் படிப்பதில் தவறில்லை. வேலைக்கான தகுதியாக அதை விற்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? சம்பளம் எப்படி?

மூன்று வழி. முதலாவது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குச் சில பள்ளிகள் என்று பிரித்துக்கொண்டு போய்வருவார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தருவார்கள். இது தொகுப்பூதிய வேலை. நிரந்தரம் செய்யச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது. இரண்டாவது, சிறப்புப் பள்ளிகள். அரசுப் பள்ளிகளும் உண்டு, தொண்டு நிறுவனங்கள் நடத்துவதும் உண்டு. மூன்றாவது, தனியார் பள்ளிகள். சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளின்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதால் நகரங்களில் இந்த வேலை கூடியிருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவு. தொண்டு நிறுவனப் பள்ளிகளில் இன்னும் குறைவு. குடும்பத்தில் உங்கள் வருமானம் ஒன்றுதான் என்றால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

நிலைமை மாறுவதற்கு ஒரு சட்ட வழி திறந்திருக்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. 2025 மார்ச்சில், ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பணியிடம் தேவை என்று கணக்கிட்டு, அறிவித்து, நிரப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே தகுதியும் பதிவும் கையில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு படிக்கச் சேர்ந்தால் காலம் போய்விடும்.

எனக்குப் பொறுமை குறைவு. சட்டென்று கோபம் வரும். இந்த வேலை எனக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. பொறுமை பிறவிக் குணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்த வேலையில் அது பெரும்பகுதி எழுதிவைக்கும் பழக்கத்திலிருந்து வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருக்க முடியும். தெரியாவிட்டால் எவ்வளவு சாந்தமானவரும் மூன்று மாதத்தில் களைத்துப்போவார். ஒரு பையனை வைத்தே சொல்கிறேன்.

ஏழு வயது. அறிவுசார் குறைபாடு. இரண்டு மூன்று சொற்கள் பேசுவான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெயர் இருக்கிறது, ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவான். டவுசரிலேயே சிறுநீர் போய்விடுவான் என்பதுதான் காரணம். தலைமை ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லவில்லை, "அம்மா கூட இருந்தா அனுப்புங்க" என்றார். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். எத்தனையோ குழந்தைகள் பள்ளிக்கு வெளியே நிற்பது படிப்பு வராததால் இல்லை, இந்த ஒரு காரணத்தால்தான்.

முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு வாரம் எதையும் சொல்லித்தரவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு குறி, நனைந்திருந்தால் ஒரு குறி. எப்போது சாப்பிட்டான், எப்போது தண்ணீர் குடித்தான் என்பதும் அதே தாளில். அந்த ஒரு வாரம் அம்மா வேலைக்குப் போகாமல் உடன் இருந்தார்.

வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் ஒரு நாளைக்கு நான்கு முறை நனைகிறான். ஆனால் கண்டபடி இல்லை. பள்ளியில் காலை உணவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, பதினொன்றரை வாக்கில் ஒன்று, மதிய உணவுக்குப் பிறகு இரண்டு. இப்படி ஓர் ஒழுங்கு தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நனையும் நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. போனால் அந்த நொடியே அவனுக்குப் பிடித்தது கிடைக்க வேண்டும். இவனுக்குச் சோப்பு நுரை ஊதிக் காட்டினால் போதும். போகாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வர வேண்டும். பட்டன் வைத்த டவுசரை மாற்றி எலாஸ்டிக் டவுசர் போடச் சொன்னோம். மேலே இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் முதலில் அவனே செய்தான். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி. கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

இப்படிச் செய்தும் முன்னேற்றம் நின்றுபோனால் என்ன செய்வது? எங்கே தவறு என்று எப்படித் தெரியும்?

அதே பையனின் கதையைத் தொடர்கிறேன், ஏனென்றால் அவனும் நின்றான். நான்கு முறை என்பது மூன்றாவது வாரத்தில் இரண்டு முறை ஆயிற்று. ஆறாவது வாரத்திலும் அதே இரண்டு. வகுப்பாசிரியைக்குச் சலிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதான் சார் இவனுக்கு வரும்" என்றார்.

தாளை எடுத்து விரித்தோம். காலையில் ஒருமுறை கூட நனையவில்லை. இரண்டுமே மதிய உணவுக்குப் பிறகு. சரி, மதியம் கழிப்பறையில் என்ன நடக்கிறது என்று போய் நின்று பார்த்தோம். சாப்பாட்டு மணி முடிந்ததும் பெரிய பிள்ளைகள் கும்பலாக வந்து கூச்சல் போட்டுக்கொண்டு வாளியில் தண்ணீர் அடிக்கிறார்கள். சிமெண்ட் சுவரில் அந்தச் சத்தம் எதிரொலிக்கிறது. இவன் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழைத்துப்போனோம். அந்த வாரமே ஒன்றாகக் குறைந்தது.

"இவ்வளவுதான் வரும்" என்று தோன்றும்போது பெரும்பாலும் பிரச்சினை குழந்தைக்கு வெளியே எங்கோ இருக்கும். எழுதிய தாள் இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். காலையும் மதியமும் ஒன்றாகக் கலந்து "அப்படியேதான் இருக்கிறான்" என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும், அது வெற்றி மாதிரியே தோன்றும். பையன் நனைவதே இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆசிரியை விடுப்பு எடுத்த அன்று மூன்று முறை நனைகிறான். அதாவது நேரத்தை நினைவில் வைத்திருந்தது ஆசிரியை, அவன் இல்லை. யாராவது "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டால்தான் போக வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். இதைத் தவிர்க்க உதவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எப்படி விரலைக் காட்டி அனுமதி கேட்கிறார்களோ அதே சைகையைச் சொல்லித்தாருங்கள். நேரம் வந்ததும் அவன் எதிரில் வந்து நின்று, ஐந்து நொடி பேசாமல் காத்திருங்கள். அந்த ஐந்து நொடிதான் கடினம். கை தானாக உதவப் போகும். அவன் விரலைக் காட்டினால் உடனே அழைத்துப்போங்கள். காட்டாவிட்டால் அவன் முழங்கையை மெல்லத் தொட்டு நினைவூட்டுங்கள். நாள் போகப் போக அந்தத் தொடுதலும் வேண்டாமல் போக வேண்டும். தாளில் இனிமேல் காய்ந்ததா நனைந்ததா என்பதோடு, கேட்டானா, அழைத்துப்போனோமா என்பதையும் எழுதுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பிறகு கொஞ்சம் பின்னால் போவான். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் வேறு ஒழுங்கு இருந்திருக்கும். மறுபடி ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், முதல் முறையைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

எந்தத் திறனை முதலில் சொல்லித்தருவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மதிப்பீட்டுப் படிவங்கள் இருக்கின்றன. எம்.டி.பி.எஸ். என்பது சென்னையிலேயே உருவானது. நடமாட்டம், உணவு, உடை, பேச்சு, எண், பணம் என்று 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாக 20 செயல்கள், மொத்தம் 360. குழந்தை செய்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்போம். இதில் எனக்குப் பிடித்தது, எல்லா வரியும் செய்யக்கூடியதைப் பற்றித்தான் இருக்கும். குழந்தை எந்தச் செயல் வரை வந்திருக்கிறது, அடுத்தது எது என்று நேராகத் தெரியும்.

ஆனால் அடுத்தது எது என்பதைப் படிவம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அம்மாவைக் கேட்க வேண்டும். "இவன் எதைக் கற்றுக்கொண்டால் உங்கள் நாள் கொஞ்சம் லேசாகும்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஏ, பி, சி, டி என்று சொல்வதில்லை. கழிப்பறை, தானே சாப்பிடுவது, ரோட்டில் ஓடாமல் இருப்பது என்றுதான் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு இலக்குகள் மட்டும் எடுத்துத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவோம். "சுயமாக இருக்கக் கற்றுக்கொள்வான்" என்று எழுதினால் அது திட்டமே இல்லை. "கழிப்பறை போக வேண்டும் என்றால் யாரும் கேட்காமலே விரலைக் காட்டுவான், ஐந்து நாளில் நான்கு நாள்" என்று எழுதினால்தான் நடந்ததா என்று பார்க்க முடியும்.

நான் சாதாரண வகுப்பாசிரியை. நான்காம் வகுப்பில் முப்பத்தைந்து பேர், அதில் ஒரு பையனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனுக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை. என்ன செய்ய?

தனி நேரம் வேண்டாம். அதே பாடத்தில் அவனுக்கு வேறு இலக்கு வையுங்கள். உங்கள் வகுப்பில் கடைக் கணக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் மூன்று பொருளின் விலையைக் கூட்டி, 500 ரூபாயிலிருந்து கழித்து மீதி சொல்கிறார்கள். இவன் இருபது வரை எண்ணுவான். அவனுக்கு ஒரு டப்பாவில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள். "பத்து ரூபாய் எடுத்து வை" என்பதுதான் அவனுடைய கணக்கு. எல்லோரையும் வரிசையாகக் கேட்கும்போது அவன் முறை வரும், அவனும் பதில் சொல்வான். மூலையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வண்ணம் அடிக்கும் பையன் வகுப்பில் இருக்கிறான், ஆனால் பாடத்தில் இல்லை.

நீங்கள் "எண்ணும் எழுத்தும்" பயிற்சி எடுத்தவராக இருந்தால் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே பாடத்தை மூன்று நிலையில் நடத்தியிருப்பீர்கள். அதே முறையில் அரும்புக்கும் முன்னால் ஒரு நிலை வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்த நான்கு நிலைகளை வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து திட்டமிட வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். அவர் பையனை வெளியே கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் சொல்லித்தந்துவிட்டுப் போவதைவிட, உங்களோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பிரித்துத் தருவதுதான் பெரிய உதவி. நாங்கள் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம். மீதி நாளெல்லாம் அவன் உங்கள் பையன்.

பக்கத்தில் ஒரு துணைவனை உட்கார வைக்கலாம். ஆனால் எப்போதும் ஒரே பிள்ளையாக இருக்கக் கூடாது. கொஞ்ச நாளில் அந்தத் துணைவன் இவனுக்காக எழுதித் தந்துவிடுவான்.

ஒரு மாணவி எழுதச் சொன்னால் கையைக் கடித்துக்கொள்கிறாள், சத்தம் போடுகிறாள். வெளியே அனுப்பினால் அமைதியாகிவிடுகிறாள். அப்படியே செய்யலாமா?

அப்படிச் செய்துதான் அந்தப் பழக்கம் வளர்ந்திருக்கிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தாள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு வாரம் எழுதுங்கள். முன் பத்தியில் எல்லாமே எழுத்து வேலை, பின் பத்தியில் எல்லாமே "வெளியே போனாள்" என்று வந்தால், கடித்தால் எழுத வேண்டாம் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். பேச வராத குழந்தைக்கு "போதும்" என்று சொல்ல அது ஒன்றுதான் வழி.

வேறு வழியைக் கொடுங்கள். மேசையில் ஒரு சிவப்பு அட்டை. அதைக் காட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு, உடனே, கேள்வி கேட்காமல். எழுத வேண்டியதை ஐந்து வரியிலிருந்து ஒரு வரியாகக் குறையுங்கள். முதல் சில நாட்கள் அட்டையை ஓயாமல் காட்டுவாள். அதற்கெல்லாம் ஓய்வு தாருங்கள், அப்போதுதான் அட்டை வேலை செய்கிறது என்று நம்புவாள். நம்பிக்கை வந்த பிறகு ஒரு வரி, இரண்டு வரி என்று ஏற்றலாம். கடித்தால் மட்டும் வேலை நிற்கக் கூடாது. அப்போது தொடக்கத்தில் கடி கொஞ்சம் கூடும், அதை எதிர்பார்த்திருங்கள். கையில் காயம் ஆகும் அளவுக்கு இருந்தால் நீங்களாகவே முயலாமல் மருத்துவரையும் உளவியலாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல் வலி, காது வலியால் கடிக்கும் குழந்தைகளும் உண்டு என்பதால் அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பெற்றோர் "எப்போ சார் சரியாகும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

சரியாகிவிடும் என்று சொல்லக் கூடாது. ஆகாது என்று வாசலில் நின்றுகொண்டு சொல்லவும் கூடாது. நான் செய்வது, போன பருவத்துத் தாளையும் இந்தப் பருவத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. "அப்போ நாலு தடவை, இப்போ வாரத்துக்கு ஒண்ணு. அடுத்து சட்டை போடப் பழக்குவோம் அம்மா." அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த அடுத்தது என்ன என்பதுதான். அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாண வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், மறுநாள் காலை அந்த வலியோடு வந்து கேட்கிறார்கள்.

இதில் திருப்தி கிடைக்கிறதா, உண்மையிலேயே?

கிடைக்கிறது. நிறைய. ஆனால் மற்ற ஆசிரியர்களுக்குக் கிடைப்பது போல மார்ச் மாதத்துத் தேர்வு முடிவில் இல்லை. மேலே சொன்ன பையன் ஒரு நாள் வகுப்பு நடுவில் எழுந்து நின்று விரலைக் காட்டினான். யாரும் கேட்கவில்லை. ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டே தலையை ஆட்டினார், அவன் போய்விட்டு வந்தான். வகுப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஆயிற்று. அவனுடைய அம்மா மறுபடி முழு வாரமும் வேலைக்குப் போனார், அவனும் வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கு வந்தான். எனக்கு அந்தத் திருப்தி போதும், அதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன்.

இந்த மாதிரி முன்னேற்றத்தைப் பெரிதாக உணர முடியாதவர்களும் இருக்கிறார்கள். அது குறை இல்லை. வேறு ஆசிரியர் வேலைகள் அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

சேரலாமா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாக இருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் என்ன செய்து பார்க்கலாம்?

பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளிக்கோ வட்டார வள மையத்தின் பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்கோ போய், பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் தினமும் முழு நாள் இருங்கள். விழா நாளில் போகாதீர்கள். முதல் இரண்டு நாளில் மனம் கலங்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் நேரத்தில் தட்டைத் திறப்பதிலிருந்து கை கழுவுவது வரை எந்தெந்தப் படியைத் தானே செய்கிறது, எதற்கு உதவி தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். அடுத்த நாளும் அதையே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அந்தத் தாள்களை அங்குள்ள ஆசிரியரிடம் காட்டி, அடுத்து எந்தப் படியைச் சொல்லித்தருவீர்கள், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்குச் சுவாரசியமாக இருந்தால் விண்ணப்பம் போடுங்கள்.